83 ரூபாய் வட்டியில் 25 ரூபாய் யாருடையது?

பெரியப்பா ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு வைத்திருந்தார். நான் போய் உட்கார்ந்ததும் அதை என் பக்கம் நகர்த்தினார்.

"ஏம்மா, பேங்க்ல எங்களை மாதிரி வயசானவங்களுக்கே ஏழரைதான் தர்றான். அதுலயும் வரி போயிடுது. இந்த பாண்டு 7.69 தருதாம், அதுக்கு வரியே கிடையாதாம். நான் ஏன் இத்தனை நாளா டெபாசிட்டுல போட்டு வச்சிருக்கேன்?"

தாளில் இருந்தது ஒரே ஒரு வகுத்தல். 83-ஐ 1,080-ஆல் வகுத்து, 100-ஆல் பெருக்கியிருந்தார். விடை 7.69. கணக்கில் தவறு இல்லை. பத்திரம் விற்றுத் தருகிற தரகரின் ஆள் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததும் அதே எண்தான்.

"பெரியப்பா, இது எந்த வருஷம் முடியுது?"

"இன்னும் மூணு வருஷம்னு சொன்னாரு."

அந்தத் தாளில் எங்கேயும் மூன்று என்ற எண் இல்லை. சிக்கல் அங்கேதான் இருந்தது.

அவர் வாங்க நினைத்தது வரியில்லாக் கடன் பத்திரம். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், ஆர்.இ.சி., பி.எஃப்.சி., ஐ.ஆர்.எஃப்.சி., ஹட்கோ போன்ற மத்திய அரசு நிறுவனங்கள் 2011-12 தொடங்கி 2015-16 வரை வெளியிட்டவை. பத்து, பதினைந்து, இருபது வருடக் காலத்துக்கு, 1,000 ரூபாய் முகமதிப்பில் வந்தன. வட்டி வருடம் ஒருமுறை வரும், அதற்கு வருமான வரி கிடையாது. 2016-க்குப் பிறகு இந்த வகையில் புதிய பொது வெளியீடு வரவில்லை. இனி வேண்டுமென்றால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து பங்குச் சந்தை வழியாக வாங்க வேண்டும். எட்டு சதவீதத்துக்கு மேல் வரியில்லாமல் தரும் பத்திரத்தை யாரும் ஆயிரத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதனால் 1,050, 1,080, 1,150 என்று முகமதிப்புக்கு மேலேதான் கைமாறும்.

பெரியப்பா பார்த்த பத்திரத்தின் கூப்பன் 8.30 சதவீதம். கூப்பன் எப்போதும் முகமதிப்பின் மேல்தான் கணக்கிடப்படும். ஆகவே யார் என்ன விலைக்கு வாங்கினாலும் வருடத்துக்கு 83 ரூபாய் வரும். அந்த 83-ஐ இன்றைய விலையால் வகுத்தால் கிடைப்பது கரன்ட் யீல்டு. 'நான் போடும் பணத்துக்கு இந்த வருடம் எவ்வளவு வட்டி கைக்கு வரும்?' என்ற ஒரே கேள்விக்கு அது சரியான பதில் சொல்லும். கடைசியில் என்ன நடக்கும் என்பதை அது பார்ப்பதில்லை.

கடைசியில் நடப்பது இதுதான்: மூன்று வருடம் கழித்து நிறுவனம் 1,000 ரூபாயைத் திருப்பித் தரும். 1,080 தராது. அந்த 80 ரூபாய் போயே போய்விடும். மூன்று வருட வட்டியையும் இந்த 80 ரூபாய் இழப்பையும் சேர்த்துப் பார்த்து, போட்ட பணம் உண்மையில் என்ன விகிதத்தில் வளர்ந்தது என்று சொல்வது முதிர்வு வரையிலான வருமானம். சந்தையில் எல்லோரும் ஒய்.டி.எம். என்பார்கள். இந்தப் பத்திரத்துக்கு அது 5.34 சதவீதம்.

"7.69 எப்படிம்மா 5.34 ஆகும்?" என்றார். அதே தாளைத் திருப்பி, பேங்க் பாஸ்புக் மாதிரி எழுதிக் காட்டினேன்.

இந்தப் பத்திரத்தை 5.34 சதவீத வட்டி தரும் ஒரு சேமிப்புக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 1,080 ரூபாய் போடுகிறோம். வருடம் முடியும்போது அதற்கு உண்மையாகச் சேர்ந்த வட்டி 58 ரூபாய். ஆனால் நம் கைக்கு வருவது 83. அப்படியானால் மீதி 25 ரூபாய் எங்கிருந்து வந்தது? நாம் போட்ட அசலிலிருந்துதான். கணக்கில் இப்போது 1,055 இருக்கிறது. இரண்டாம் வருடம் அதற்கு வட்டி 56 ரூபாய். மறுபடி 83 எடுக்கிறோம், அசலில் 27 குறைந்து 1,028 ஆகிறது. மூன்றாம் வருடம் வட்டி 55. மறுபடி 83 எடுத்தால் அசலில் 28 போகும். மிஞ்சுவது 1,000. நிறுவனம் கடைசி நாளில் தரும் அதே ஆயிரம்.

25, 27, 28. மூன்றையும் கூட்டினால் 80. விலையில் கூடுதலாகக் கொடுத்த அந்த 80 ரூபாய்தான் வட்டியோடு வட்டியாகக் கலந்து, வருடா வருடம் நம்மிடமே திரும்பி வருகிறது. கரன்ட் யீல்டு அதையும் சேர்த்து 'வருமானம்' என்று எண்ணுகிறது.

ஓய்வு பெற்றவர்களுக்கு இது வெறும் கணக்குப் பாடம் அல்ல. வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்வேன், அசலைத் தொடவே மாட்டேன் என்பது பெரியப்பாவின் வாழ்நாள் கொள்கை. கரன்ட் யீல்டை நம்பி 83 ரூபாயையும் செலவழித்திருந்தால், தனக்கே தெரியாமல் ஒவ்வொரு வருடமும் அசலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டிருப்பார். பத்து லட்சத்துக்கு எழுபதாயிரம் சொச்சம், மூன்று வருடத்தில். அது முதிர்வு நாளன்றுதான் தெரியவரும், அப்போது செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

அடுத்து அவருடைய முதல் கேள்விக்கு வந்தோம்: டெபாசிட்டா, இதுவா? அவர் 20 சதவீத வரி வரம்பில் இருக்கிறார், செஸ் சேர்த்து 20.8. ஏழரை சதவீத வட்டியில் அந்த வரி போனால் கையில் நிற்பது ஏறத்தாழ 5.94 சதவீதம். 7.69-ஐ அதன் பக்கத்தில் வைத்தால் பத்திரம் எங்கேயோ மேலே நிற்பதுபோல் தோன்றும். 5.34-ஐ வைத்தால் டெபாசிட்டே மேல். இதே பத்திரத்தை 30 சதவீத வரி கட்டும் என் அத்தான் பார்த்தால் கதை வேறு. அவருக்கு அதே ஏழரையில் வரி போக நிற்பது 5.16. அவர் இந்த விலைக்கு வாங்கினாலும் கொஞ்சம் லாபம்தான். பத்திரமும் விலையும் ஒன்றுதான், ஆனாலும் ஒருவருக்குச் சரி, இன்னொருவருக்குச் சரியில்லை. கரன்ட் யீல்டை வைத்துப் பார்த்திருந்தால் இருவருக்குமே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று ஆகியிருக்கும்.

அந்த 80 ரூபாய் இழப்பை வருமான வரிக் கணக்கில் காட்டலாமே என்று சிலர் கேட்பார்கள். காட்டலாம், நீண்டகால மூலதன நஷ்டமாக. ஆனால் அதை நீண்டகால மூலதன லாபத்தோடு மட்டுமே கழித்துக்கொள்ள முடியும். பென்ஷனும் டெபாசிட் வட்டியும் மட்டுமே உள்ளவருக்கு அதனால் ஒரு பைசா பயன் இல்லை.

கரன்ட் யீல்டு எந்த அளவுக்குத் தேதியைக் கண்டுகொள்வதில்லை என்பதைப் பார்க்க, விலையை மாற்றாமல் மீதிக் காலத்தை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். 83 ரூபாய் வட்டி, 1,080 ரூபாய் விலை. முதிர்வுக்கு இன்னும் பத்து வருடம் இருந்தால் ஒய்.டி.எம். 7.15 சதவீதம். மூன்று வருடம் இருந்தால் 5.34. ஒரே வருடம் இருந்தால்? 1,080 போட்டு வருடக் கடைசியில் 1,083 வாங்குகிறோம். மூன்று ரூபாய் லாபம், 0.28 சதவீதம். மூன்றிலும் கரன்ட் யீல்டு அசையாமல் 7.69 என்றே நிற்கும்.

ஆகவே நீண்ட காலப் பத்திரத்தில் அந்த எண் கொஞ்சம்தான் தவறும், முதிர்வு நெருங்க நெருங்கத்தான் மோசமாகும். 2012-ல் பதினைந்து வருடத்துக்கு வெளியானவை 2027-ல் முடிகின்றன. அதே பத்திரம் பல வருடங்களுக்கு முன் கரன்ட் யீல்டு காட்டிய அளவுக்கே ஏறக்குறைய தந்திருக்கும். இன்று அப்படித் தராது. 'போன தடவை இப்படித்தான் வாங்கினேன், நல்லாத்தான் இருந்தது' என்ற அனுபவம் இங்கே கைகொடுக்காமல் போவது இதனால்தான்.

ஒய்.டி.எம்.-ஐ மனக்கணக்காகப் போட முடியாது என்று சொல்லித்தான் பலர் கரன்ட் யீல்டோடு நின்றுவிடுகிறார்கள். கிட்டத்தட்டக் கண்டுபிடிக்க ஒரு நாட்டு வழி இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்த 80 ரூபாயை மூன்று வருடத்துக்குப் பங்கு போட்டால் வருடத்துக்கு 27. அதை 83-லிருந்து கழித்தால் 56. வாங்கும் விலைக்கும் முகமதிப்புக்கும் நடுவில் உள்ளது 1,040. 56-ஐ 1,040-ஆல் வகுத்தால் 5.4 சதவீதம். உண்மையான 5.34-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், ஒரு முடிவெடுக்க இது தாராளமாகப் போதும். துல்லியமாக வேண்டுமென்றால் எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒரே வரி:

```
=RATE(3, 83, -1080, 1000)
```

மீதி வருடங்கள், வருட வட்டி, வாங்கும் விலை, கடைசியில் வரும் தொகை என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். விலை நம் கையை விட்டுப் போவதால் அதற்கு முன் கழித்தல் குறி. இது வட்டி வந்த மறுநாள், முழு வருடங்கள் மீதி இருக்கும்போது வாங்குவதற்கான கணக்கு.

நடுவில் வாங்கினால் இன்னொரு குழி இருக்கிறது, அதையும் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. சந்தையில் பங்குகளோடு சேர்ந்து விற்கும் இந்தப் பத்திரங்களின் விலைக்குள்ளேயே, கடந்த வட்டித் தேதியிலிருந்து இன்றுவரை சேர்ந்த வட்டியும் அடங்கியிருக்கும். வட்டி வர இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது திரையில் 1,150 ரூபாய் என்று தெரிகிறது என்று வையுங்கள். அதில் பதினொரு மாத வட்டியான 76 ரூபாய் ஒளிந்திருக்கிறது. பத்திரத்தின் சொந்த விலை 1,074-தான். 83-ஐ 1,150-ஆல் வகுத்தால் 7.2 என்று வரும். வட்டியைக் கழித்துவிட்டு வகுத்தால் 7.7. ஒரே பத்திரத்தின் கரன்ட் யீல்டு வட்டித் தேதி நெருங்கும்போது இறங்குவதும், தேதி தாண்டியதும் திடீரென ஏறுவதும் இதனால்தான். பத்திரத்தில் எதுவும் மாறியிருக்காது.

வட்டி யாருக்குப் போகும் என்று முடிவாகும் ரெக்கார்டு தேதி கடந்ததும் விலை ஏறக்குறைய அந்த வட்டி அளவுக்கு விழும். அதைப் பார்த்து 'விலை சரிந்துவிட்டது, யீல்டு நன்றாக ஏறியிருக்கிறது' என்று வாங்குபவர்கள் உண்டு. அவர்களுக்கு அடுத்த வட்டி வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அதனால் வாங்கும்முன் கடைசி வட்டித் தேதி எது என்று பார்த்து, சேர்ந்த வட்டியைத் தனியே பிரித்துவிட வேண்டும்.

கூப்பன் எண்ணையே ஒருமுறை சரிபார்க்கவும் வேண்டும். இந்தப் பத்திரங்களில் சில வெளியீடுகளில், முதலில் விண்ணப்பித்து வாங்கிய சிறு முதலீட்டாளருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதல் வட்டி வைத்திருந்தார்கள். அவர் விற்றுவிட்டால் அந்தக் கூடுதல் நின்றுவிடும், வாங்குபவருக்குக் குறைந்த விகிதம்தான். பழைய விகிதத்தை வைத்துப் போட்ட கரன்ட் யீல்டு முதல் வரியிலேயே தவறாகிவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் முகமதிப்புக்கு மேல் வாங்கும் பத்திரம். கீழே வாங்கினால் கரன்ட் யீல்டு நேர்மாறாகப் பிழைக்கும், உள்ளதைக் குறைத்துச் சொல்லும். கொரோனா காலத்தில் வட்டி அடிமட்டத்தில் இருந்தபோது அரசு ஆறு சதவீதத்துக்கும் கீழே கூப்பன் வைத்துக் கடன் பத்திரங்கள் வெளியிட்டது. 2022-ல் வட்டி ஏறியதும் அவற்றின் விலை நூறு ரூபாய்க்குக் கீழே இறங்கியது. உதாரணமாக, 6 ரூபாய் வட்டி தரும் 100 ரூபாய்ப் பத்திரம் 95-க்குக் கிடைக்கிறது, நான்கு வருடம் மீதி. வட்டி வருடம் ஒருமுறை என்று எளிமையாக வைத்துக்கொண்டால் கரன்ட் யீல்டு 6.3 சதவீதம், ஒய்.டி.எம். ஏறத்தாழ ஏழரை. கடைசியில் கூடுதலாக வரும் ஐந்து ரூபாயைக் கரன்ட் யீல்டு கணக்கில் எடுக்காததால், நல்ல பத்திரம் ஒன்று சுமாரானதாகத் தெரிகிறது. 364 நாள் கருவூல உண்டியலுக்கு வட்டியே கிடையாது, கழிவில் வாங்கி முழு மதிப்பைப் பெற வேண்டியதுதான். அதன் கரன்ட் யீல்டு பூஜ்யம். அதற்காக அது ஒன்றுமே தராத முதலீடு என்று யாராவது சொல்வார்களா?

அப்படியானால் கரன்ட் யீல்டு எங்கேதான் சரி? அசல் திரும்பவே வராத பத்திரத்துக்குச் சரி. பிரிட்டன் 18-ஆம் நூற்றாண்டில் 'கன்சோல்' என்ற பெயரில் முதிர்வுத் தேதி இல்லாத பத்திரங்களை வெளியிட்டது. கடைசியாக மிஞ்சியிருந்தவற்றை 2015-ல்தான் அடைத்தது. வட்டி மட்டும் காலம் காலமாக வந்துகொண்டிருக்கும் அப்படிப்பட்ட ஒன்றுக்கு, வட்டியை விலையால் வகுப்பது முழு உண்மை. முகமதிப்புக்கே வாங்கும் பத்திரத்திலும் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருக்கும். சிக்கல், ஒருநாள் முடியப்போகும் பத்திரத்தை முடிவே இல்லாததுபோல் அளப்பதில்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் அவசியம். ஒய்.டி.எம். எல்லாப் பணமும் சொன்ன தேதியில் வரும் என்று நம்பிப் போடும் கணக்கு. கடன் வாங்கியவர் தள்ளாடும்போது இரண்டு எண்களுமே பொய் சொல்லும், கரன்ட் யீல்டு கொஞ்சம் கவர்ச்சியாகச் சொல்லும். ஒன்பது சதவீதக் கூப்பன் உள்ள பத்திரம் பாதி விலைக்கு விழுந்தால் கரன்ட் யீல்டு 18 ஆகிவிடும். பதினெட்டு சதவீதம் என்று பார்க்கும்போது, அந்த வட்டி அடுத்த தவணை வருமா என்று சந்தை சந்தேகப்படுகிறது என்றே படிக்க வேண்டும். 2019-ல் டி.எச்.எஃப்.எல். வட்டித் தவணையைத் தவறவிட்டபோது அதன் பத்திரங்களை வைத்திருந்த சாதாரண மக்களுக்கு இது கசப்பாகப் புரிந்தது. வங்கிகள் வெளியிடும் முதிர்வுத் தேதியில்லாத ஏ.டி.-1 பத்திரங்களிலும் அப்படித்தான். ஒன்பது சதவீத அளவில் வட்டி என்று விற்கப்பட்ட யெஸ் பேங்கின் ஏ.டி.-1 பத்திரங்கள், 8,400 கோடி ரூபாய்க்கு மேல், 2020 மார்ச்சில் ஒரேயடியாக எழுதித் தள்ளப்பட்டன. எந்த யீல்டும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. பெரியப்பா பார்த்தது மத்திய அரசு நிறுவனத்தின் பத்திரம் என்பதால் அந்தப் பயம் எனக்கு இல்லை. விலை மட்டும்தான் கேள்வி.

"சரிம்மா, என்ன விலைக்கு வாங்கினா டெபாசிட்டை விட நல்லது?" என்றார் கடைசியில். இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. வரி போக 5.94 டெபாசிட்டில் கிடைக்கிறது, பத்திரத்தில் ஆறாவது வேண்டும். ஆறு சதவீதம் கிடைக்க எவ்வளவு விலை கொடுக்கலாம் என்று கணக்கைத் திருப்பிப் போட்டோம். 1,061 வந்தது. இந்தப் பத்திரங்கள் தினமும் பெரிதாகக் கைமாறுவதில்லை, சில நாள் பத்து இருபது மட்டும்தான் போகும். அதனால் திரையில் தெரியும் விலைக்கு வாங்காமல் 1,061-க்கு லிமிட் ஆர்டர் போடச் சொன்னேன். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏற்றக் கூடாது என்றும் சொன்னேன்.

இரண்டு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் நாற்பது பத்திரம் மாட்டியது. மீதிப் பணம் டெபாசிட்டிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அடுத்த வருடம் வட்டி வந்த அன்று போயிருந்தேன். வங்கிக் கணக்கில் 3,320 ரூபாய் வரவு. பெரியப்பா தன் வரவு செலவு நோட்டில் அதை ஒரே வரியாக எழுதவில்லை. 'வட்டி 2,546' என்று செலவுப் பக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தார். அதன் கீழே 'அசல் வரவு 774' என்று எழுதி, அந்தத் தொகையை மட்டும் டெபாசிட் கணக்குக்கு மாற்றியிருந்தார்.